எந்த மரத்தூள் காளானுக்கு ஆகும்? பால்மரக் கழிவில் ஒரு சிறுதொழில்

தம்பின், கெமெஞ்சே, கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பால் வற்றிப்போன மரம் வெட்டப்பட்ட பிறகு என்ன ஆகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முன்பு அது விறகுதான். ரப்பர் சீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்தது. 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவத்தா இரும்பாலை, பால்மரக் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. பிறகு கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் ஆய்வுகளால் அதே மரம் மேசை, நாற்காலி, கட்டில் செய்யத் தகுந்த பலகையானது. இன்று நமக்குப் பக்கத்து மாநிலமான ஜொகூரில் உள்ள மூவார், இந்த மரத் தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர்.

ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால்மரத்தின் வருமானக் காலம் முடிகிறது. அப்போது அதை வெட்டி, அடிமரத்தை ஆறடி நீளத் துண்டுகளாக்கி, லோரியில் ஏற்றி மரம் அறுக்கும் ஆலைக்கு அனுப்புகிறார்கள். பால்மரம் அவ்வளவு பருமனான மரம் அல்ல. தண்டு நேராகவும் இருக்காது. பால் வெட்டிய பகுதி முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதனால் ஆலைக்குள் போகும் மரத்தில் பாதிக்கும் குறைவாகவே பலகையாகிறது. மற்றதெல்லாம் பட்டைத் துண்டு, வெட்டுத் துண்டு, மரத்தூள்.

இந்தக் கழிவில் துண்டுகளுக்கு ஆலையிலேயே வேலை உண்டு. பலகையை உலர்த்தும் கொதிகலனுக்கு அவைதான் எரிபொருள். தூளில் ஒரு பங்கு எரிகட்டி செய்பவர்களுக்குப் போகிறது. இன்னொரு பங்கை வாங்கிச் செல்பவர்கள் காளான் வளர்ப்பவர்கள். பாசார் மாலாமில் மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்களே, அந்தச் சிப்பிக் காளான், மலாயில் செண்டாவான் தீராம், பெரும்பாலும் பால்மரத் தூளில் வளர்ந்ததுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு இதைத் தொடங்கலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே அவ்வப்போது எழுகிறது. தொடங்கியவர்களில் சிலருக்கு முதல் தொகுதி நன்றாக வரும், இரண்டாவது தொகுதி பாதி கெட்டுப்போகும். அப்போது விதையைக் குறை சொல்வார்கள், வெயிலைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் குறை தூளில் இருக்கும். மரத்தூள் என்ற ஒரே பெயரில் பல வகைப் பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் காளானுக்கு ஆகும்.

மரத்தின் பலவீனமே காளானின் உணவு

பால்மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். செங்கால், மெர்பாவ் போன்ற காட்டு மரங்களின் வைரத்தில் பூசணத்தைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் உண்டு. பால்மரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் வெட்டிய மரத்தைச் சில நாள் சும்மா போட்டால் நீலக்கறை படிகிறது, துளைப்பான் வண்டு ஏறுகிறது. பலகை ஆலைக்கு இது பெரிய தொல்லை. காளானுக்கோ இதுதான் விருந்து. காளானும் ஒரு பூசணமே. எதிர்ப்பில்லாத, சத்துள்ள மரம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

ஆலைக்காரர்கள் அந்தத் தொல்லையை எப்படித் தீர்க்கிறார்கள் என்பதில்தான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மரத்தை அறுத்ததும் பச்சைப் பலகைகளை ஒரு பெரிய உருளைத் தொட்டிக்குள் அடுக்கி மூடுகிறார்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைந்த நீரை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். மருந்து பலகையின் உள்வரை ஊறுகிறது. அதன் பிறகே பலகை உலர்த்தும் அறைக்குப் போகிறது. அங்கிருந்து தளவாடத் தொழிற்சாலைக்குப் போய் இழைக்கப்பட்டு, ஒட்டப்பட்டு, தேய்க்கப்படுகிறது.

இப்போது தூளைப் பாருங்கள். உருளைக்கு முன்னால், பச்சை மரத்தை அறுக்கும் பட்டை ரம்பத்தின் அடியில் விழும் தூளில் மருந்து இல்லை. அது காளானுக்கு ஏற்றது. உருளைக்குப் பின்னால் எந்த இயந்திரத்தில் விழும் தூளிலும் போரான் மருந்து இருக்கும். பூசணம் வளரக் கூடாது என்று போட்ட மருந்து அது. அந்தத் தூளில் காளானை வளர்க்கப் பார்ப்பது, பூச்சிமருந்து அடித்த கீரையில் புழு வளர்க்கப் பார்ப்பது போன்றது. அப்படியே ஏதோ கொஞ்சம் முளைத்தாலும் அதைச் சாப்பிடக் கொடுக்கக் கூடாது. உணவில் போரிக் அமிலம் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

தளவாடத் தொழிற்சாலைத் தூளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பால்மரத்தோடு எம்.டி.எஃப். பலகையும் ஒட்டுப்பலகையும் அறுபடும். அவற்றில் இருப்பது ஃபார்மால்டிஹைடு கலந்த பசை. எல்லாத் தூளும் ஒரே குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு ஒரே தொட்டியில் சேரும். அதைப் பிரிக்க முடியாது.

ஆகவே இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தளவாடத் தொழிற்சாலைத் தூளை வாங்கி வர வேண்டாம். கொஞ்சம் காசு கொடுத்தாலும் மரம் அறுக்கும் ஆலைத் தூளே வேண்டும்.

லோரி வந்ததும் பார்க்க வேண்டியவை

நல்ல தூள் கைக்கு ஈரமாக இருக்கும். வெளிர் மஞ்சள் நிறத்தில், ரவையைவிடப் பெரிய துகள்களாக இருக்கும். பச்சை மர வாசனை வரும். மாவு போல் நைசாக, உலர்ந்து, ஊதினால் பறப்பது தேய்ப்பு இயந்திரத் தூள். அது மருந்து ஏறிய பலகையிலிருந்து வந்தது. பஞ்சு போல் மெத்தென்று, ஒரே சீரான பழுப்பு நிறத்தில் இருப்பது எம்.டி.எஃப். தூளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முகர்ந்து பார்ப்பதும் அவசியம். பால் பிசுபிசுப்பு ரம்பத்தில் ஒட்டாமலிருக்கச் சில ஆலைகளில் ரம்பத்தின் மேல் டீசல் சொட்டவிடுவதுண்டு. டீசல் வாடை தூக்கலாக அடிக்கும் தூளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். புளித்த வாடை அடித்தால் அது குவியலின் அடியில் காற்றில்லாமல் கிடந்த தூள்.

மருந்து இருக்கிறதா என்று கண்டறிய ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைக்கு நம் வீட்டு மஞ்சள்தான் அடிப்படை என்பது சுவையான செய்தி. மஞ்சள்தூளை எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்த நீரை மரத்தில் தடவி, அதன் மேல் அமிலக் கரைசலைத் தடவுவார்கள். போரான் இருந்தால் அந்த இடம் சிவக்கும். வீட்டில் வெறும் மஞ்சள் நீரை வைத்து இதைச் செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தாலும் சிவக்கிறது அல்லவா? காரப் பொருள் எதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். அந்தச் சிவப்பையும் போரானின் சிவப்பையும் பிரித்துக் காட்டத்தான் அங்கே அமிலம் சேர்க்கிறார்கள். அந்த அமிலம் வீட்டில் வைத்துப் புழங்கும் பொருள் அல்ல.

வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை வேறு. புதிய லோரித் தூளில் முதலில் 10 பைகள் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே நன்றாக வந்த பழைய தூளில் 10 பைகளை அதே நாளில், அதே விதையில் போடுங்கள். பத்து நாள் கழித்து, விதை போட்ட வாயிலிருந்து வெள்ளை இழை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று அடிக்கோலால் அளந்து பாருங்கள். புதிய தூளில் இழை தெளிவாகப் பின்தங்கினால், அந்தத் தூளில் 500 பை போடும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

500 பைக்கு என்ன வேண்டும்?

நம் நாட்டில் பரவலாகப் பின்பற்றும் கலவை 100 பங்கு மரத்தூள், 10 பங்கு அரிசித் தவிடு, 1 பங்கு சுண்ணாம்புக்கல் தூள். இந்தச் சுண்ணாம்புக்கல் தூள் கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு, அது காரம் மிகுந்தது. கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு பை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 65 விழுக்காடு தண்ணீர் இருக்க வேண்டும். மீதி 350 கிராம்தான் உலர்ந்த பொருள். 500 பைக்கு உலர்ந்த பொருள் 175 கிலோ. இதைக் கலவைப் பங்கின்படி பிரித்தால் உலர்ந்த தூள் 158 கிலோ, தவிடு 16 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம்.

ஆனால் ஆலையிலிருந்து வரும் தூள் உலர்ந்ததல்ல. அதில் பாதி எடை தண்ணீர் என்றால், 158 கிலோ உலர்ந்த தூளுக்காக 316 கிலோ ஈரத்தூள் எடுக்க வேண்டும். அதிலேயே 158 லிட்டர் தண்ணீர் இருப்பதால், மேற்கொண்டு 165 லிட்டர் அளவுக்குச் சேர்த்தால் போதும். இதைக் கவனிக்காமல் ஈரத்தூளின் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு தவிடு போட்டால், உண்மையில் இரட்டிப்புத் தவிடு விழுந்துவிடும். சத்து கூடினால் காளான் கூடும் என்று தோன்றும். ஓரளவுக்கு அது சரிதான். ஆனால் அந்தச் சத்து பச்சைப் பூசணத்துக்கும் பிடிக்கும். வேகவைப்பதில் சிறு குறை இருந்தாலும் அதுதான் முந்திக்கொள்ளும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதாது.

கலவையை வெப்பம் தாங்கும் பையில் இறுக்கமாக நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் கழுத்து வளையம் மாட்டி, பஞ்சு வைத்து மூடுவார்கள். நிரப்பிய அன்றே வேகவைக்க வேண்டும். இரவெல்லாம் வைத்தால் கலவை புளித்துவிடும்.

சிறு அளவில் செய்பவர்களுக்கு 200 லிட்டர் டிரம் போதும். அடியில் தண்ணீர், மேலே ஒரு தட்டு, அதன் மேல் பைகள், இட்லி அவிப்பது போலத்தான். ஒரு டிரம்முக்கு அறுபது, எழுபது பைகள் பிடிக்கும். ஆகவே 500 பைக்கு ஏழெட்டு முறை அவிக்க வேண்டும். அதற்குத் தக்கபடி கலவையையும் நாள்வாரியாகப் பிரித்துக் கலக்கிக்கொள்ளுங்கள். ஆவி நன்றாக வந்த பிறகு 6 முதல் 8 மணி நேரம் விட வேண்டும். பையின் நடுப்பகுதி சூடாகவே வெகு நேரம் பிடிக்கும் என்பதால் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. பாதியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பை முழுக்க ஆறிய பிறகு, காற்று அடிக்காத சுத்தமான அறையில் காளான் விதையைப் போட்டு மூட வேண்டும். பிறகு 30 முதல் 40 நாளில் வெள்ளை இழை பை முழுவதும் பரவிவிடும். வாயைத் திறந்து, தரையிலும் காற்றிலும் ஈரம் இருக்கும்படி நாளுக்கு இரண்டு மூன்று முறை நீர் தெளித்தால் சில நாளில் மொட்டு வரும். அடுத்த மூன்று நான்கு நாளில் பறிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என மூன்று மாதம்வரை காளான் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் வரத்து குறையும்.

கெட்ட பையே காரணத்தைச் சொல்லும்

பை கெடுவது இந்தத் தொழிலில் இயல்பு. எந்த இடத்தில் கெட்டது என்று பார்த்தால் எந்த வேலையில் தவறு என்று தெரிந்துவிடும்.

வாய்ப்பக்கம் மட்டும் பச்சை படர்ந்தால், விதை போடும்போது கையோ அறையோ சுத்தமாக இல்லை. பையின் நடுவிலும் அடியிலும் ஆங்காங்கே பச்சை தெரிந்தால், அவித்தது போதவில்லை அல்லது பையில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறது. பஞ்சின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் பொடி போல் பூத்தால், அவிக்கும்போது பஞ்சு நனைந்திருக்கிறது. இந்தச் செம்மஞ்சள் பூசணம் சில நாளில் கொட்டகை முழுக்கப் பரவும். பையைத் திறந்து பார்க்காமல், ஈரத்துணியால் மூடி உடனே வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். எந்தப் பூசணமும் இல்லாமல், வெள்ளை இழையும் நகராமல் பை அப்படியே நின்றால், தூளில் மருந்து இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். விதை பழையதாக இருந்தாலும் சூட்டோடு விதை போட்டாலும் இப்படி நடக்கும். சோதனைக்காகப் போட்ட பழைய தூள் பைகள் நன்றாக வளர்ந்திருந்தால் விதையின் மேல் பழியில்லை என்று தெளிவாகும்.

காளானும் பேசும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் கொட்டகையில் காற்றோட்டம் போதவில்லை. ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. மஞ்சளாகிக் கொழகொழத்தால் நீரைக் காளான் மேலேயே அடித்துவிட்டீர்கள்.

கையில் எவ்வளவு நிற்கும்?

இனி வரவு செலவு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

500 பையில் 50 கெட்டுப்போனது என்று வைப்போம். மீதி 450 பை, ஒவ்வொன்றும் மொத்தமாக 250 கிராம் கொடுத்தால் 112 கிலோ கிடைக்கும். கிலோ 10 வெள்ளி என்றால் ஏறக்குறைய 1,125 வெள்ளி. விதை போட்ட பையை 2 வெள்ளிக்கு வெளியில் வாங்கியிருந்தால் பைச் செலவே 1,000 வெள்ளி. மூன்று மாதம் தண்ணீர் தெளித்ததற்கு 125 வெள்ளி மிச்சம். அதே பையை நாமே 80 சென் செலவில் செய்திருந்தால் செலவு 400, மிச்சம் 725 வெள்ளி.

கெடும் பை 150 ஆனால் என்ன ஆகும்? வரவு 875 வெள்ளியாகக் குறையும். பை வாங்கியவருக்கு 125 வெள்ளி நட்டம். தாமே செய்தவருக்கு 475 வெள்ளி மிஞ்சும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, 500 பை என்பது குடும்பத்தைத் தாங்கும் வருமானம் அல்ல, கைச்செலவுக்கு ஆகும் வருமானம். இரண்டாவது, லாபம் காளானைப் பறிப்பதில் இருப்பதைவிடப் பை செய்வதில் இருக்கிறது. நல்ல தூள் தொடர்ந்து கிடைக்கும் ஆலையோடு பழக்கம் வைத்திருப்பவர், தன் தேவைக்குப் போக மற்றவர்களுக்கும் பை விற்கலாம். ஆலையிலிருந்து தூரம் கூடக்கூட லோரிக் கூலி அந்த லாபத்தைத் தின்றுவிடும். தூள் எடையில் பாதி தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் லோரிக் கூலி கொடுக்கிறோம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நம் வட்டாரத்தில் பால்மரத் தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டதால், வெட்டப்படும் பால்மரம் எப்போதும் ஒரே அளவில் வராது. ஓர் ஆலையை மட்டும் நம்பாமல் இரண்டாவது ஆலையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தோட்ட லயத்து வீட்டிலோ தோட்டத்து நிலத்திலோ கொட்டகை போடுவதற்கு முன் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தூளை அள்ளும்போது முகக்கவசம் அணியுங்கள். குடை முழுக்க விரிந்து ஓரம் மேலே சுருளும்வரை காளானை விட்டால் அதன் வித்துத்தூள் காற்றில் பறந்து இருமலைக் கொடுக்கும், அதற்கு முன்பே பறித்துவிடுங்கள். காய்த்து முடிந்த பையைத் திறந்தவெளியில் எரிக்காதீர்கள், 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் அது குற்றம். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுத் தூளை மக்கவைத்தால் வாழைக்கும் கத்தரிக்கும் எருவாகும்.

மார்டியும் விவசாயத் துறையும் காளான் வளர்ப்புப் பயிற்சிகள் நடத்துவதுண்டு. அங்கே போகும்போது விதை, பை விலையோடு, பயிற்சியில் பயன்படுத்தும் தூள் எந்த ஆலையின் எந்த இயந்திரத்தில் விழுந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.